அரைப் பேர் என்றால் பாதிப் பெயர் அல்ல: சோடிப் பதில்களால் ஒரு மாடலைத் திருத்திய அனுபவம்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன அறையில்தான் இது நடந்தது. தேயிலைத் தோட்ட மக்கள் சம்பளம், சேமலாப நிதி, லீவு பற்றிக் கேட்கும் கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்லும் ஒரு சிறிய மொழி மாடலைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தோம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய மாடல் அது. ஒரு கேமிங் கம்ப்யூட்டரில் ஓடும் அளவுதான். தமிழ் நன்றாகவே எழுதியது. ஆனால் முதல் வாரமே இப்படி ஒரு கேள்விக்கு மாட்டிக்கொண்டது:

"நேத்து எனக்கு அரைப் பேர்தான் போட்டாங்க. என்ன செய்யலாம்?"

மாடல் சொன்ன பதில்: "உங்கள் பெயர் முழுமையாகப் பதிவு செய்யப்படவில்லை எனில், பிறப்புச் சான்றிதழுடன் அலுவலகத்திற்குச் சென்று பெயரைத் திருத்திக்கொள்ளலாம்."

எங்களோடு உட்கார்ந்திருந்த அக்கா இருபது வருசம் கொழுந்து எடுத்தவர். இதைப் படித்துக் காட்டியதும் சிரித்துவிட்டார். "பேரைத் திருத்த வேணாம் தம்பி, கிலோவைத் திருத்தச் சொல்லு" என்றார். மலையகத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. நாளுக்கு இத்தனை கிலோ என்று வைத்திருக்கும் அளவுக்குக் கொழுந்து குறைந்தால், வேலைப் பதிவேடான செக்ரோலில் பாதி நாள்தான் ஏறும். அதுதான் அரைப் பேர்.

இதில் கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. அதே கேள்வியை மாடலிடம் எட்டுத் தரம் கேட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தரமும் சொற்களைக் கொஞ்சம் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும்படி வைத்திருந்தோம். எட்டில் இரண்டு தரம் அது சம்பளத்தைப் பற்றித்தான் பேசியது. ஆக, அரைப் பேர் என்ற வழக்கு அதற்குள் எங்கேயோ கிடக்கிறது, ஆனால் முன்னுக்கு வரவில்லை. உள்ளே இருப்பதை முன்னுக்குக் கொண்டு வருவதற்குத்தான், ஒரு நல்ல பதிலையும் ஒரு பிழையான பதிலையும் சேர்த்துக் காட்டும் சோடிப் பதில் முறை. உள்ளேயே இல்லாததை இந்த முறையால் கொண்டு வர முடியாது என்பது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது.

மார்க் போடச் சொன்னால் எல்லாவற்றுக்கும் 7

ஒரு பதிலைக் காட்டி "பத்துக்கு எத்தனை?" என்று கேட்பதுதான் முதலில் தோன்றிய வழி. எங்களோடு ஒரு ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஐயா இருந்தார். அவர் எல்லாவற்றுக்கும் 7 போட்டார். பிறப்புச் சான்றிதழ் பதிலுக்கும் 7. "நல்ல தமிழ்லதானே எழுதியிருக்கு" என்றார். அதே ஐயாவிடம் இரண்டு பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இதுல எது பரவாயில்ல?" என்று கேட்டால் ஒரு விநாடியில் விரலை வைத்துவிடுவார். மார்க் ஆளுக்கு ஆள் மாறும், அதே ஆளுக்குக் காலையிலும் மாலையிலும்கூட மாறும். இரண்டில் ஒன்றைக் காட்டச் சொன்னால் அவ்வளவு மாறாது.

இப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு தீர்ப்பையும் மூன்று துண்டுகளாக எழுதி வைப்போம். கேள்வி, தேர்ந்த பதில், தள்ளிய பதில்.

```json
{"prompt": "நேத்து எனக்கு அரைப் பேர்தான் போட்டாங்க. என்ன செய்யலாம்?",
 "chosen": "நேற்று நிறுத்த கிலோ எவ்வளவு என்று செக்ரோலில் பாருங்கள். கணக்குப் பிழை என்றால் தோட்டத் தலைவரிடம் சொல்லிக் கேளுங்கள்.",
 "rejected": "பிறப்புச் சான்றிதழுடன் சென்று பெயரைத் திருத்திக்கொள்ளலாம்."}
```

விருப்பங்களிலிருந்து மாடலுக்குக் கற்பிக்கும் பழைய வழியில் நடுவில் இன்னொரு மாடல் இருந்தது. இந்தச் சோடிகளைப் பார்த்து மார்க் போடப் பழகிய ஒரு நடுவர் மாடல். பிறகு முதல் மாடல் அந்த நடுவரிடம் மார்க் வாங்க முயன்று முயன்று திருந்தும். 2023ல் ஸ்டான்போர்டில் ஒரு குழு அந்த நடுவரையே எடுத்துவிட்டு, சோடிகளை நேரே வைத்து மாடலைத் திருத்தும் கணக்கைக் காட்டியது. அந்த முறைக்கு டைரெக்ட் ப்ரிஃபரன்ஸ் ஆப்டிமைசேஷன், சுருக்கமாக டிபிஓ என்று பெயர். எங்களைப் போல ஒரே ஒரு கம்ப்யூட்டரோடு இருப்பவர்களுக்குப் பெரிய உதவி.

கணக்கு நடக்கும் விதம்

மாடலை இரண்டு பிரதியாக வைக்க வேண்டும். ஒன்று பூட்டி வைத்த பழைய பிரதி. மற்றது மாறப்போகும் பிரதி. தொடங்கும்போது இரண்டும் ஒன்றுதான்.

ஒரு பதிலைக் கொடுத்தால், அதை இந்த மாடல் எழுதுவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடலாம். மாடல் பதிலைச் சொல்லும் சொல்லின் பகுதியுமாகத் துண்டு துண்டாக எழுதும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிகழ்தகவு உண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் மிக மிகச் சிறிய எண் வரும் என்பதால் மடக்கை எடுத்துக் கூட்டிக்கொள்வார்கள். கையில் ஒரு சோடியை எடுத்துப் பார்ப்போம். பழைய பிரதியில் நல்ல பதிலுக்கு −42, தள்ளிய பதிலுக்கு −38 என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சியத்துக்குக் கிட்ட இருப்பதுதான் அதிக வாய்ப்பு, ஆகவே பழைய மாடலுக்குப் பிழையான பதில்தான் பிடித்திருக்கிறது.

இனிக் கேட்பது ஒரே கேள்வி: மாறும் பிரதி, பழைய பிரதியோடு ஒப்பிட்டால், நல்ல பதிலை எவ்வளவு ஏற்றியிருக்கிறது, தள்ளியதை எவ்வளவு இறக்கியிருக்கிறது?

```
இடைவெளி = β × [(நல்லது: புதியது − பழையது) − (தள்ளியது: புதியது − பழையது)]
நட்டம் = −log σ(இடைவெளி)
```

நட்டம் என்பது மாடல் எவ்வளவு பிழைத்திருக்கிறது என்று காட்டும் எண், பயிற்சி அதைக் குறைக்கப் பார்க்கும். σ என்பது எந்த எண்ணையும் 0க்கும் 1க்கும் நடுவில் கொண்டுவரும் வளைவு. 'நல்லது வெல்லும் வாய்ப்பு, இரண்டின் மதிப்பு வித்தியாசத்தில்தான் தங்கியிருக்கிறது' என்ற பழைய எண்ணம் இது. பிராட்லி, டெரி என்ற இரு புள்ளிவிவரவியலாளர்கள் 1952ல் எழுதி வைத்த மாதிரியிலிருந்து வருகிறது. β பழைய பிரதியை விட்டு எவ்வளவு தூரம் விலகலாம் என்பதைக் கட்டுப்படுத்தும். நாங்கள் வைத்தது 0.1.

தொடக்கத்தில் இரண்டு பிரதிகளும் ஒன்றே என்பதால் இடைவெளி 0, நட்டம் 0.693. திரையில் முதல் வரியில் இந்த எண் வராவிட்டால் பழைய பிரதியைச் சரியாகப் பூட்டவில்லை என்று சந்தேகப்படலாம். ஒரு தரம் எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று.

கொஞ்ச நேரப் பயிற்சிக்குப் பிறகு நல்ல பதில் −40க்கு ஏறி, தள்ளியது −46க்கு இறங்கினால், ஏற்றம் 2, இறக்கம் 8, மொத்த வித்தியாசம் 10. அதை 0.1ஆல் பெருக்கினால் இடைவெளி 1. நட்டம் 0.313 ஆகிவிடும். இடைவெளி கூடக்கூட அந்தச் சோடி மாடலைத் தள்ளும் வேகம் குறையும். தொடக்கத்தில் 0.5 என்ற அளவில் தள்ளிய சோடி, இடைவெளி 1 ஆனதும் 0.27 அளவில்தான் தள்ளும். படித்து முடித்த பாடத்தை விட்டு, இன்னும் பிழைக்கும் பாடத்தில் நேரம் போகிறது.

இந்த இரண்டு வரிக் கணக்குக்குள் 'சரி', 'உண்மை' என்ற எதுவுமே இல்லை என்பதைப் பாருங்கள். இரண்டு பதில்களுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் இருக்கிறதோ அது மட்டும்தான் மாடலுக்குத் தெரியும். இதில்தான் நாங்கள் இரண்டு தரம் விழுந்தோம்.

முதல் விழுகை: டீச்சரின் கையெழுத்து

230 கேள்விகள் சேர்த்தோம். தள்ளிய பதில்களை மாடலிடமிருந்தே எடுத்தோம். நல்ல பதில்களை எங்களோடு வேலை செய்த டீச்சர் ஒருவர் உட்கார்ந்து எழுதினார், மூன்று வாரம். அழகான பதில்கள். ஒவ்வொன்றும் "வணக்கம் அம்மா" அல்லது "வணக்கம் ஐயா" என்று தொடங்கும், நான்கைந்து வரி போகும், "மேலும் விபரங்களுக்கு..." என்று முடியும்.

பயிற்சி ஓடத் தொடங்கியதும் திரையில் `rewards/accuracies` என்ற எண் 20 பயிற்சி அடிக்குள் 0.98ஐத் தாண்டியது. இது நல்ல பதிலுக்குத் தள்ளியதைவிட அதிக மதிப்பு கிடைத்த சோடிகளின் பங்கு. சந்தோசப்பட்டோம். சந்தோசப்பட்டிருக்கக் கூடாது. சேமலாப நிதியும் அரைப் பேரும் கலந்த 230 கேள்விகளை ஒரு சுற்று முடிவதற்குள் எவரும் விளங்கிக்கொள்ள முடியாது. அவ்வளவு சீக்கிரம் பிடிபடுகிறதென்றால் மேலாக ஏதோ ஒரு அடையாளம் இருக்கிறது என்று அர்த்தம்.

பயிற்சி முடிந்த மாடலிடம் அரைப் பேர் கேள்வியைப் போட்டோம். "வணக்கம் அம்மா. உங்கள் பெயர் முழுமையாகப் பதிவு செய்யப்படவில்லை என்பது வருத்தத்திற்குரியது..." என்று தொடங்கி ஆறு வரி எழுதியது. ஆண்கள் கேட்டாலும் அம்மாதான். பிறப்புச் சான்றிதழ் அப்படியே இருந்தது. மாடல் கற்றது டீச்சருடைய கையெழுத்தை. எது டீச்சர் எழுதியது, எது தான் எழுதியது என்று பிரித்தறிய வணக்கம் ஒன்றே போதுமாக இருந்தது. அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டிய தேவை அதற்கு வரவில்லை.

நீளமும் இதே கதைதான். டீச்சரின் பதில்கள் மாடலுடையதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளம். நல்ல பதில் எப்போதும் நீளமாக இருந்தால், நீளமே நல்லது என்று படிந்துவிடும். பதிலின் எல்லாத் துண்டுகளையும் கூட்டுவதால் நீளமான பதிலில் எண் நகர இடமும் அதிகம். ஒரு தமிழ்ச் சொல்லைப் பல மாடல்கள் நாலைந்து துண்டாக உடைக்கின்றன என்பதால் இது தமிழில் இன்னும் கூடுதலாகவே தெரியும்.

இரண்டாம் விழுகை: இரண்டும் சேர்ந்து இறங்கியது

சரி, அப்படியானால் விசயத்தைத் தவிர வேறு எந்த வித்தியாசமும் இல்லாத சோடிகள் வேண்டும் என்று முடிவெடுத்தோம். மாடலின் பதிலையே எடுத்து, பிழையான இடத்தை மட்டும் திருத்தினோம். ஒரு உதாரணம்:

தள்ளியது: "உங்கள் சம்பளத்தில் 20 வீதம் சேமலாப நிதிக்கு வெட்டுவார்கள்."
நல்லது: "உங்கள் சம்பளத்தில் 8 வீதம் சேமலாப நிதிக்கு வெட்டுவார்கள்."

தொழிலாளியிடம் வெட்டுவது 8 வீதம்தான். மற்ற 12 வீதத்தைத் தொழில் கொடுப்பவர் போட வேண்டும். மாடல் இரண்டையும் கூட்டி 20 என்று ஆளின் தலையில் கட்டிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளை ஐயா இதில் கொஞ்சம் கோபப்பட்டார்.

நட்டம் அழகாக இறங்கியது, 0.3 வரைக்கும். ஆனால் மாடலைப் பேச விட்டால் பதில்கள் நொறுங்கிப்போயிருந்தன. சேமலாப நிதி பற்றிக் கேட்டால் 8ம் இல்லை, 20ம் இல்லை. "குறிப்பிட்ட ஒரு தொகை" என்று ஒரு தரம், "15 வீதம்" என்று ஒரு தரம், சில நேரம் வாக்கியம் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடும்.

மேலே போட்ட கணக்குக்குத் திரும்பிப் போனால் காரணம் தெரியும். நல்லது −42லிருந்து −40க்கு ஏறி, தள்ளியது −38லிருந்து −46க்கு இறங்கினால் நட்டம் 0.313. இப்போது வேறு மாதிரிப் பாருங்கள். நல்லது ஏறவே இல்லை, −45க்கு இறங்கிவிட்டது. தள்ளியது −51க்குப் போய்விட்டது. இறக்கம் 3, இறக்கம் 13, வித்தியாசம் அதே 10. நட்டம் அதே 0.313. கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதல் மாதிரியில் நல்ல பதில் வரும் வாய்ப்பு 7 மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது, இரண்டாவதில் 20ல் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. இரண்டிலும் இருந்து விலகிய வாய்ப்பெல்லாம் நாங்கள் பார்க்காத மூன்றாவது ஏதோ ஒரு பதிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். 15 வீதம் அங்கிருந்துதான் வந்தது.

ஒரே மாதிரி வாக்கியங்களில் இது அதிகமாக நடக்கிறது. எண் வரும் வரைக்கும் இரண்டு பதில்களும் ஒன்றே என்பதால் அந்தப் பகுதியில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துவிடும். எண்ணில்தான் உண்மையான வேலை. எண்ணுக்குப் பிறகு "வீதம் சேமலாப நிதிக்கு வெட்டுவார்கள்" என்று மறுபடியும் ஒரே சொற்கள். அவற்றின் வாய்ப்பு ஏற்கனவே உச்சத்துக்குக் கிட்ட இருக்கிறது, இன்னும் ஏற இடமில்லை. இறங்க மட்டும் தாராளமாக இடம் இருக்கிறது. தள்ளிய பதிலில் அதே சொற்களை மாடல் இறக்கும்போது, உள்ளே கிட்டத்தட்ட அதே நிலையில் இருக்கும் நல்ல பதிலின் சொற்களும் சேர்ந்தே இழுபட்டுப் போகின்றன.

இதை நட்டத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பார்க்க வேண்டிய எண் `rewards/chosen`. நல்ல பதில் பழைய பிரதியைவிட ஏறினால் அது நேர் எண், இறங்கினால் மறை எண். மேலே சொன்ன இரண்டாம் மாதிரியில் அது −0.3 என்றும், `rewards/rejected` −1.3 என்றும், `rewards/margins` 1.0 என்றும் காட்டும். நாங்கள் அந்த வாரம் முழுக்க `rewards/margins` ஏறுவதைப் பார்த்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வரியில் மறை எண் வளர்ந்துகொண்டே போனதை எவரும் பார்க்கவில்லை. (கொஞ்சம் மறைக்குப் போவது பல ஓட்டங்களில் சாதாரணம்தான். நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதுதான் கெட்ட அறிகுறி.)

மூன்றாவது தரம்

இந்தத் தரம் எவரையும் எழுதச் சொல்லவில்லை. 230 கேள்விகளையும் மாடலிடமே ஒவ்வொன்றும் எட்டுத் தரம் கேட்டோம். எட்டையும் படித்து, அக்காவும் ஐயாவும் டீச்சரும் சேர்ந்து எது சரி, எது பிழை என்று பிரித்தார்கள். 34 கேள்விகளில் எட்டுமே சரி. அங்கே கற்க ஒன்றுமில்லை. 61 கேள்விகளில் எட்டுமே பிழை. மிச்சம் 135 கேள்விகளில் சரியும் பிழையும் கலந்து வந்தன. அரைப் பேர் அதில் ஒன்று.

அந்த 135லிருந்து ஒரு கேள்விக்கு இரண்டு சோடி எடுத்தோம். நல்லதும் தள்ளியதும் இரண்டுமே மாடலின் சொந்தக் கைவேலை என்பதால் கையெழுத்து வித்தியாசம் இல்லை. நீளத்தில் ரொம்ப இடைவெளி இருந்தால் அந்தச் சோடியை விட்டுவிட்டு வேறு எடுத்தோம். சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கும் சோடிகளையும் விட்டுவிட்டோம். ஒரே விசயத்தைச் சரியாகவும் பிழையாகவும் வேறு வேறு வார்த்தைகளில் சொன்ன சோடிகள்தான் வேண்டியிருந்தது.

கணக்கிலும் ஒன்றைச் சேர்த்தோம். சோடி நட்டத்தோடு, நல்ல பதிலின் வாய்ப்பு குறைந்தால் தண்டிக்கும் சாதாரண நட்டத்தையும் கூட்டினோம். இடைவெளி வளரலாம், ஆனால் நல்ல பதிலைக் கீழே தள்ளி வளர்வது கடினமாகிவிடும். கற்கும் வேகத்தை `5e-6` என்று குறைத்து, மூன்று சுற்றுக்குப் பதிலாக ஒரே ஒரு சுற்று ஓடினோம்.

இந்தத் தரம் `rewards/accuracies` 0.7ஐச் சுற்றித்தான் நின்றது. பார்க்க அவ்வளவு அழகாக இல்லை. `rewards/chosen` கொஞ்சம் நேர்ப்பக்கமாகவே இருந்தது.

சோதிப்பதற்கென்று முதலிலேயே ஒதுக்கி வைத்த 40 கேள்விகள் வேறு இருந்தன. பழைய மாடலின் பதிலையும் புதியதின் பதிலையும் கடதாசியில் அடித்து, எது எது என்று சொல்லாமல், இடத்தையும் மாற்றி மாற்றி வைத்துக் கொடுத்தோம். இடத்தை மாற்றாவிட்டால் ஐயா மேலே இருப்பதைத்தான் எடுப்பார் என்று அதற்குள் தெரிந்திருந்தது. 23 கேள்விகளில் புதியது நன்று, 11ல் இரண்டும் ஒன்றுதான், 6ல் பழையதே மேல். அரைப் பேர் இந்த 40ல் இல்லை, பயிற்சியில் இருந்த கேள்வி அது. ஆனாலும் ஆசைக்கு வேறு வாக்கியத்தில் கேட்டுப் பார்த்தோம்: "மழையில கொழுந்து குறைஞ்சு போச்சு, பாதிப் பேர் போட்டுட்டாங்க." செக்ரோலைப் பார்க்கச் சொன்னது. எட்டுத் தரத்தில் ஏழு.

அந்த 6 கேள்விகளில் என்ன ஆயிற்று என்று பார்த்தோம். நான்கில் புதிய மாடல் தோட்டத் தலைவரிடம் போகச் சொல்லியிருந்தது, தலைவருக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில். ஒன்று தபால் பற்றிய கேள்வி. சோடிகளைத் திரும்ப எண்ணிப் பார்த்தால், நல்ல பதில்களில் பாதிக்கு மேல் தலைவர் இருந்தார், தள்ளியதில் குறைவு. எங்கள் கண்ணுக்குப் படாத ஒரு வித்தியாசத்தை மாடல் கண்டுபிடித்திருக்கிறது. தலைவர் பிழையாக வரும் பதில்களைத் தேடி எடுத்துத் தள்ளிய பக்கத்தில் வைத்துப் புதிய சோடிகள் செய்துகொண்டிருக்கிறோம்.

மிச்சம் இருப்பது எட்டுமே பிழையாக வந்த 61. அங்கே முன்னுக்குக் கொண்டுவர உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டு பிழைகளில் எது குறைந்த பிழை என்று சோடி செய்தால் மாடல் குறைந்த பிழையை உறுதியாகச் சொல்லப் பழகும், அது இன்னும் மோசம். அவற்றுக்கு நேரே சரியான பதிலை எழுதிக் காட்டித்தான் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் பதில் சொல்லும் நேரத்தில் சரியான தாளை எடுத்து மாடலின் முன்னால் வைக்க வேண்டும். அக்கா ஒரு சிஆர் கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறார். முதல் பக்கத்தில் கைக்காசு, அதாவது வேலைக்குக் கையில் காசாகவே கொடுக்கும் கூலி. மாடல் அதை எட்டுத் தரமும் கையில் இருக்கும் சில்லறை என்றே எடுத்துக்கொண்டது.